மத்தியானம் மட்டும் திணறும் லேப்டாப்

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் சென்னை சர்வீஸ் கடைகளின் கவுன்ட்டரில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்பக் காதில் விழும்: "வாங்கி ஒரு வருஷம்தான் சார் ஆகுது, அதுக்குள்ள இவ்ளோ ஸ்லோ." பதிலும் தயாராக இருக்கும். "ஃபார்மேட் பண்ணிடலாம். வேணும்னா ரேம் ஏத்திக்கலாம்." இரண்டுமே சில நேரங்களில் சரியான வைத்தியம்தான். ஆனால் நோய் எது என்று பார்ப்பதற்கு முன்பே மருந்து எழுதிவிடுகிறார்கள் என்பதுதான் என் குறை. லேப்டாப் தனக்கு என்ன கோளாறு என்பதைத் திரையிலேயே எண்களாகக் காட்டுகிறது. கால்மணி நேரம் ஒதுக்கினால் வீட்டிலேயே அதைப் படித்துவிடலாம்.

மயிலாப்பூரில் கச்சேரி சாலைக்குப் பக்கத்தில் ஒரு வீடு. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள தளம். அங்கிருந்தபடி சிறு வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்த்துத் தருகிறார் ஒரு பெண்மணி. 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி எல்லாம் உள்ள லேப்டாப். வாங்கிய வருஷம், மே மாதத்தில்கூட ஒரு தொந்தரவும் இல்லை. அடுத்த மே மாதம் வந்தபோது எக்செல் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு நகரவே யோசித்தது. ஒவ்வொரு மாதமும் 20ஆம் தேதிக்குள் ரிட்டர்ன் போட வேண்டிய தொழில் அவருடையது. தி. நகரில் ஒரு கடையில் கொடுத்து ஃபார்மேட் செய்து வாங்கினார். கடையில் ஓட்டிப் பார்த்தபோது பறந்தது. வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் பழைய கதை.

நான் அவரிடம் முதலில் கேட்டது, "எப்ப ஸ்லோ ஆகுது?" என்பதைத்தான். "காலையில நல்லாத்தான் சார் இருக்கு. மத்தியானம் சாப்பிட்டு வந்து உக்காந்தா, ஒரு அரை மணி நேரத்துல படுத்துடுது. ஃபேன் சத்தம் வேற தாங்கல."

பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது. ஆன் செய்தவுடன் பத்து நிமிடம் இழுத்துவிட்டுப் பிறகு சரியாகிவிடும் லேப்டாப் வேறு; குரோமில் இருபது டேப் திறந்த பிறகு மட்டும் தடுமாறும் லேப்டாப் வேறு. முதலாவதில், ஆன் ஆகும்போதே தாங்களாகக் கிளம்பும் புரோகிராம்களைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டாவதில் ரேமைச் சந்தேகிக்க வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டே இருந்து, அரை மணி நேர வேலைக்குப் பிறகு, அதுவும் வெயில் நேரத்தில் மட்டும் சுருண்டால், சூட்டைத்தான் முதலில் பிடித்து விசாரிக்க வேண்டும்.

மத்தியானம் இரண்டு மணிக்கு, அது திணறிக்கொண்டிருக்கும்போதே, Ctrl+Shift+Esc அழுத்தி Task Manager திறந்தோம். அதில் Performance பக்கம் போய் CPU என்பதைத் தொட்டால் Utilization, Speed, Base speed என்று மூன்று எண்கள் தெரியும். Utilization 50 சதவீதத்தை ஒட்டியே நின்றது. கடைக்காரர் இதைப் பார்த்திருந்தால், "பிராசஸர் பாதி சும்மாதாம்மா இருக்கு, சாஃப்ட்வேர் பிரச்சினை" என்றுதான் சொல்லியிருப்பார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அந்த எண் பலரையும் ஏமாற்றும். விண்டோஸ் 10இலும், 11இன் பழைய பதிப்புகளிலும், Performance பக்கத்தில் உள்ள இந்தச் சதவீதம் பிராசஸரின் அடிப்படை வேகத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிடப்படுகிறது. இந்த லேப்டாப்பின் Base speed 2.40 GHz. அந்த நேரத்தில் Speed காட்டியது 1.20 GHz. அதாவது பிராசஸர் மூச்சு முட்ட முழு நேரமும் உழைத்துக்கொண்டிருந்தது. ஆனால் பாதி வேகத்தில். அதனால்தான் 50 சதவீதம். சதவீதத்தை விட்டுவிட்டு Speed என்ற எண்ணைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது அது குறைவது இயல்பு. கனமான வேலை நடக்கும்போது அடிப்படை வேகத்துக்கும் கீழே விழுந்து அங்கேயே கிடந்தால், யாரோ பிராசஸரின் கழுத்தைப் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

யார் என்று தெரிய வெப்பநிலை வேண்டும். HWiNFO என்ற இலவசப் புரோகிராம் அதைக் காட்டும். பெரும்பாலான லேப்டாப் பிராசஸர்களுக்கு 100 டிகிரி செல்சியஸை ஒட்டி ஓர் எல்லை உண்டு. அதைத் தொட்டதும் சிப் கருகாமல் இருக்கத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மத்தியானம் அந்த அறையின் சூடு 36 டிகிரி, வேகம் விழத் தொடங்கியபோது பிராசஸரின் சூடு 99. மறுநாள் காலை அதே எக்செல் ஃபைலை வைத்து அதே வேலையைச் செய்தபோது அறை 29, பிராசஸர் 92, வேகமும் குறையவில்லை.

இரண்டு கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். காலையிலும் மத்தியானத்திலும் பிராசஸர் அறையைவிட 63 டிகிரி கூடுதல் சூட்டில் இருக்கிறது. ஃபேன் வெளிக்காற்றை இழுத்துத்தான் குளிர்விக்கிறது. ஆகவே ஒரே வேலைக்கு இந்த வித்தியாசம் ஏறக்குறைய மாறாது. அறை ஏழு டிகிரி ஏறினால் சிப்பும் ஏழு டிகிரி ஏறும். ஏசி போட்ட கடையில் 24 டிகிரியில் வைத்துச் சோதித்தால் 87தான் வரும், லேப்டாப் பறக்கும். ஃபார்மேட் பலித்தது போலத் தெரிந்ததற்குக் காரணம் அந்தக் கடையின் ஏசி. 2003 மே 31இல் 45 டிகிரியைப் பார்த்த ஊர் இது. மொட்டை மாடிக்குக் கீழே ஏசி இல்லாத அறையில் வைத்துச் செய்யாத சோதனை, இந்த நோய்க்குச் சோதனையே ஆகாது.

சரி, போன வருஷ மே மாதத்திலும் இதே வெயில்தானே? அப்போது ஏன் திணறவில்லை? அறைக்கும் சிப்புக்கும் உள்ள அந்த 63 டிகிரி, ஒரு வருஷத்தில் வளர்ந்து வந்த எண். வளர்த்தது தூசி. லஸ் பக்கமும் பனகல் பூங்காப் பக்கமும் மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்காகத் தோண்டத் தொடங்கியதிலிருந்து அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஜன்னல் கம்பியைத் துடைப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். போதாக்குறைக்குக் கடல் பக்கத்தில் இருப்பதால் காற்றில் எப்போதும் ஈரம். காய்ந்த தூசியை ஃபேனே ஓரளவு வெளியே ஊதிவிடும். ஈரம் கோத்த தூசி ஒட்டிக்கொள்ளும்.

அது எங்கே ஒட்டுகிறது என்பது முக்கியம். வெளியே தெரியும் சல்லடை ஓட்டைகளில் அல்ல. அடி மூடியைக் கழற்றியபோது ஃபேன் இறக்கைகள்கூட ஓரளவு சுத்தமாகவே இருந்தன. ஃபேனைப் பிடித்திருந்த மூன்று திருகுகளை எடுத்து அதைத் தூக்கினால், காற்று வெளியேறும் வழியில் நெருக்கமாக அடுக்கியிருந்த மெல்லிய உலோகத் தகடுகளின் உட்புறத்தில், சாம்பல் நிறக் கம்பளித் துணியை அளந்து வெட்டி ஒட்டியது போல ஒரு படலம். ஃபேன் அலறிச் சுற்றினாலும் காற்று வெளியேற வழி இல்லை. பக்கவாட்டுத் துளையில் கை வைத்துப் பார்த்தால் சத்தத்துக்கு ஏற்ற காற்று வராது என்பதுதான் இதற்கு வெளி அடையாளம்.

வெளியிலிருந்து புளோயர் வைத்து ஊதினால் இந்தப் படலம் தகட்டை விட்டு நகர்ந்து ஃபேன் கூட்டுக்குள் விழும். சில நாளில் திரும்பவும் போய் அடைத்துக்கொள்ளும். மூடியைக் கழற்றி, முதலில் பேட்டரி இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ஃபேனை எடுத்து, படலத்தை இடுக்கியால் உரித்து, மிச்சத்தை பிரஷ்ஷால் தட்ட வேண்டும். ஃபேனை ஊதிச் சுத்தம் செய்வதானால் அதன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகத்தில் அது அளவுக்கு மீறிச் சுற்றினால் பேரிங் கெடும். வாரன்டி பாக்கி இருந்தால் மூடியைத் திறக்கும் முன் அதன் நிபந்தனையைப் படித்துவிடுங்கள்.

சிப்புக்கும் செம்புக் குழாய்க்கும் நடுவே தடவியிருக்கும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றவில்லை. பேஸ்ட் கெட்டிருந்தால் வேலை தொடங்கிய சில நொடிகளிலேயே சூடு 95க்குத் தாவும். சூடு சிப்பை விட்டே இறங்கவில்லை என்று பொருள். இங்கே பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் படிப்படியாக ஏறியது. சூடு தகடு வரை ஒழுங்காக வருகிறது, அங்கிருந்து வெளியேறத்தான் முடியவில்லை. இந்த வித்தியாசம் தெரிந்தால் தேவையில்லாத ஒரு செலவு மிச்சம்.

மூடியை மாட்டி மறுபடி மத்தியானம் இரண்டு மணி, அதே அறை, அதே 36 டிகிரி. பிராசஸர் 85இல் நின்றது. Speed 2.6 GHz. வித்தியாசம் 63இலிருந்து 49 ஆகக் குறைந்திருந்தது.

இப்படி நேரில் பிடிக்க வாய்ப்பு இல்லாதவர்கள் விண்டோஸின் பதிவேட்டைப் பார்க்கலாம். பிராசஸரின் வேகம் வெளியிலிருந்து கட்டுப்படுத்தப்பட்டால் பல லேப்டாப்களில் அது 37 என்ற எண்ணில் பதிவாகும். PowerShell திறந்து இதை ஓட்டினால் நேரங்கள் வரிசையாக வரும்:

```
Get-WinEvent -FilterHashtable @{
  LogName='System'
  ProviderName='Microsoft-Windows-Kernel-Processor-Power'
  Id=37 } | Select-Object TimeCreated
```

எல்லாமே மத்தியான நேரமாக இருந்தால் சூட்டின் மேல் சந்தேகம் பலப்படும். பதிவு எதுவும் இல்லை என்று வந்தால் சூடு நிரபராதி என்று முடிவு கட்ட முடியாது. பதிவே செய்யாமல் வேகத்தைக் குறைக்கும் லேப்டாப்களும் உண்டு.

இன்னொரு எச்சரிக்கை. Speed மிகக் கீழே, 0.4 அல்லது 0.8 GHz என்று கிடக்கிறது, ஆனால் வெப்பநிலை 55, 60தான் என்றால் தூசியைத் தேட வேண்டாம், சார்ஜரைப் பாருங்கள். ஒரிஜினல் 65 வாட் சார்ஜர் போய், கிடைத்த 45 வாட் சார்ஜரைச் செருகியிருப்பார்கள். போதிய மின்சாரம் இல்லை என்று தெரிந்து லேப்டாப் வேகத்தைக் கட்டிவிடும். சார்ஜரைப் பிடுங்கியதும் வேகம் ஏறினால் காரணம் உறுதி. டச்பேட் மேலெழும்பி, கிளிக் கடினமாகியிருந்தால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். அப்படியானால் சோதனை எதுவும் செய்யாமல் அணைத்துவிட்டு நேராகக் கடைக்குக் கொண்டு போங்கள். உப்பிய பேட்டரியைக் குத்துவதோ அழுத்துவதோ தீயில் முடியலாம்.

Speed ஒழுங்காக இருந்தும் லேப்டாப் நின்று நின்று போனால், அதே பக்கத்தில் Memory, Disk இரண்டையும் பாருங்கள். ரேம் 90 சதவீதத்தைத் தாண்டி, அதே சமயம் Disk ஓயாமல் ஓடினால் ரேம் பற்றவில்லை. அப்போது கடைக்காரர் சொல்லும் ரேம் சரியான மருந்து. ரேமில் இடம் இருக்க, Disk மட்டும் 100 சதவீதம் காட்டி, படிக்கும் அளவோ நொடிக்குச் சில எம்பி மட்டுமே என்றால், Average response time என்ற எண்ணைக் கவனியுங்கள். ஆரோக்கியமான எஸ்எஸ்டியில் அது பெரும்பாலும் ஒற்றை இலக்க மில்லி நொடிதான். நூற்றுக்கணக்கில் போனால் முதலில் டிஸ்க்கில் இடம் நிரம்பிவிட்டதா என்று பாருங்கள். இடம் தாராளமாக இருந்தும் அப்படிக் காட்டினால் டிஸ்க்கே சாகத் தொடங்கியிருக்கலாம். அந்த நிலையில் ஃபார்மேட் போட ஒப்புக்கொள்ளாதீர்கள். அன்றைக்கே வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் ஃபைல்களை நகல் எடுங்கள், கணக்கு ஃபைல்களை முதலில்.