சாரக்கட்டும் அண்மை விருத்தி வலயமும்: தொடக்கநிலைக் கணித பாடத்தில் ஒரு நோக்கு

திருநெல்வேலியிலே பரமேஸ்வராக் கல்லூரி இருந்த வளவில் 1974ஆம் ஆண்டு தொடங்கிய வளாகம் இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமாக விளங்குகின்றது. அங்கே கல்வியியல் பயில்வோரும், ஆசிரிய பயிற்சி பெறுவோரும், தம் வகுப்பறையையே ஆய்வுக்களமாகக் கொள்வோரும் ஆய்வேடு எழுதப் புகுங்கால், கோட்பாட்டுச் சட்டகம் என்னும் அதிகாரத்தை எழுதியே தீரவேண்டும். தொடக்கநிலைக் கணிதத்தைப் பொருளாகக் கொண்டவர் பெரும்பாலும் அவ்வதிகாரத்தில் அண்மை விருத்தி வலயம், சாரக்கட்டு என்னும் இரு சொற்களையும் வைப்பர். வைத்தபின் பாடத்தை விவரிக்கும் அதிகாரத்துக்கு வந்தால், ஆசிரியர் செய்த உதவி எல்லாமே சாரக்கட்டாகிவிடுகின்றது. படம் காட்டியதும் சாரக்கட்டு, பாட்டுப் பாடியதும் சாரக்கட்டு, விடையைச் சொல்லிக் கொடுத்ததும் சாரக்கட்டு. எல்லாவற்றுக்கும் பொருந்தும் பெயர் எதனையும் பிரித்தறியப் பயன்படாது. எது சாரக்கட்டு, எது அன்று என்பதைப் பாடத்தின் நடுவே கண்டுபிடிக்கும் வழியைச் சொல்வதே அவ்வதிகாரத்தின் வேலை. அவ்வழியை ஒரு கழித்தற் கணக்கின் துணைகொண்டு ஈண்டு ஆராய்வாம்.

முதலில் வலயத்தை நோக்குவோம். லெவ் வைகொட்ஸ்கி என்னும் உருசிய உளவியலாளர் 1896இற் பிறந்து, 1934இலே காசநோயால் இளவயதில் மறைந்தவர். அவர் தந்த எடுத்துக்காட்டு எளியது. சோதித்துப் பார்த்ததில் இரு பிள்ளைகளின் உளவயதும் எட்டு என்று வருகின்றது. அங்கே நின்றுவிடாது, அவர்களுக்குக் கடினமான வினாக்களைக் கொடுத்து, முதற்படியைக் காட்டியோ வழிப்படுத்தும் வினா ஒன்றைக் கேட்டோ சிறிது உதவுகின்றார்கள். இப்போது ஒரு பிள்ளை பன்னிரண்டு வயதினர்க்குரிய வினாவரை செல்கின்றது. மற்றது ஒன்பது வயதினர்க்குரியதோடு நின்றுவிடுகின்றது. தனித்துச் செய்யும் எல்லைக்கும் துணையுடன் செய்யும் எல்லைக்கும் இடைப்பட்ட வெளியே அண்மை விருத்தி வலயம். முதற் பிள்ளைக்கு அது நான்காண்டு, இரண்டாம் பிள்ளைக்கு ஓராண்டு. உதவியில்லாமற் செய்யும் சோதனை இருவரையும் ஒன்றாகவே காட்டும். ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் புள்ளி கொண்டே பிள்ளையை இன்னது என்று முடிவு கட்டும் நம் பழக்கத்துக்கு இவ்வெடுத்துக்காட்டு நேரே படும்.

சாரக்கட்டு என்ற சொல்லோ வைகொட்ஸ்கியினுடையதன்று. அதனை வழக்குக்குக் கொணர்ந்தவர் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ரொஸ் என்னும் மூவர், ஆண்டு 1976. மூன்று, நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் முப்பதின்மர், இருபத்தொரு மரக்கட்டைகளைப் பொருத்திக் கூம்புருவொன்று அமைக்கும்போது, ஆசிரியை எவ்வாறு துணைநின்றார் என்பதே அவர்கள் எழுதிய கட்டுரையின் பொருள். (நம்மூரிற் சாரம் என்றால் உடுக்கும் சாரமே முதலில் நினைவுக்கு வரும். ஆதலாற் கொத்தனார் மதிலோரம் நிறுத்தும் மரக்கால்களையும் குறுக்குக் கம்புகளையும் குறிக்கச் சாரக்கட்டு என்றே எழுதுதல் நன்று.) இம்மரபில் வுட் கண்ட நெறி ஒன்று எல்லாவற்றிலும் பயனுடையது: பிள்ளை தவறினால் அடுத்த உதவியை ஒருபடி கூட்டுக, பிள்ளை வென்றால் அடுத்த உதவியை ஒருபடி குறைக்க. உதவியின் படிகளையும் அவரும் அவருடன் ஆய்ந்தோரும் ஐந்தாக வகுத்தனர். பொதுவாகத் தூண்டுதல் முதலாவது. குறித்த ஒன்றைச் சொல்லுதல் இரண்டாவது. பொருளைச் சுட்டிக் காட்டுதல் மூன்றாவது. அடுத்த செயலுக்கு ஆயத்தஞ் செய்து கொடுத்தல் நான்காவது. தானே செய்து காட்டுதல் ஐந்தாவது. உதவியின் அளவைப் பிள்ளையின் மறுமொழி தீர்மானிக்கின்றது என்பதே இதன் உட்பொருள். முன்கூட்டியே எழுதிவைத்த பாடத்திட்டத்தில் உதவியின் வகைகளை ஆயத்தஞ் செய்யலாம். அளவை எழுதிவைக்க இயலாது.

இனி வகுப்பறைக்குச் செல்வோம். மூன்றாந் தரத்தில் இரு பிள்ளைகள் 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். இவ்வழு தற்செயலானதன்று. ஒன்றினிடத்தில் மேலே 2, கீழே 7. பெரியதிலிருந்து சிறியதை எடுத்து 5 என்றும், பத்தினிடத்தில் அவ்வாறே 3 என்றும் எழுதியிருக்கிறார்கள். சிறியதைப் பெரியதிலிருந்து எடு என்று முன்னர் நாம் கற்பித்ததே இங்கே வந்து இடறுகின்றது. இருவரும் செய்தது ஒரே தவறு. வினாத்தாளில் இருவர்க்கும் ஒரே சிவப்புக் கோடு.

முதற் பிள்ளையிடம் ஆசிரியை, “இது சரியோ என்று நீயே எப்படிப் பார்ப்பாய்?” என்று மட்டும் கேட்கின்றார். பிள்ளை 35உடன் 27ஐக் கூட்டி 62 பெறுகின்றது. “52 வரவேண்டும், பத்துக் கூடிவிட்டது,” என்று தானே சொல்லி, சிறிது நின்று, “ரீச்சர், ஒரு பத்தை உடைக்க வேணும்,” என்கின்றது. முதற்படி உதவியே போதுமாயிற்று.

இரண்டாம் பிள்ளை அவ்வினாவைக் கேட்டு விழிக்கின்றது. 27ஐக் கூட்டிப் பார் என்று குறித்துச் சொன்னபோது கூட்டுகின்றது. ஆயின் 62 வந்ததற்கும் தன் விடைக்கும் உள்ள தொடர்பு அதற்குத் தோன்றவில்லை. ஆசிரியை பொருளுக்கு இறங்குகின்றார். பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குக் கட்டு ஐந்தும், உதிரி ஈர்க்கு இரண்டும் மேசையில் வைத்து, 27ஐ எடுக்கச் சொல்கின்றார். பிள்ளை இரண்டு கட்டை எடுக்கின்றது, இரண்டு உதிரியையும் எடுக்கின்றது, பின் நின்றுவிடுகின்றது. “இன்னும் எத்தனை?” “ஐந்து.” ஆசிரியை எஞ்சிய மூன்று கட்டுகளைக் கையால் சுட்டுகின்றார், வேறொன்றும் சொல்லவில்லை. “கட்டை அவிழ்க்கலாமோ, ரீச்சர்?” என்று பிள்ளை கேட்கின்றது. பாடத்தின் உயிர்நிலை இவ்வினா. ஒரு கட்டை அவிழ்த்து ஐந்தை எடுத்தபின் இரண்டு கட்டும் ஐந்து உதிரியும், அதாவது 25, எஞ்சுகின்றன.

பிள்ளை பத்துகளை முன்னும் ஒன்றுகளைப் பின்னுமாக எடுத்ததை ஈண்டுக் கவனித்தல் வேண்டும். எழுத்துமுறை இதற்கு மறுதலை. ஆதலால் ஈர்க்கில் வென்ற பிள்ளை எழுத்திலும் வெல்லும் என்று எண்ணுவது பெரும் பிழை. பாடங்கள் பல இவ்விடத்தில் முறிகின்றன. ஆசிரியை மீண்டும் ஐந்து கட்டையும் இரண்டு உதிரியையும் வைத்து, “ஏழை முதலில் எடுக்க வேண்டுமாயின் என்ன செய்வாய்?” என்கின்றார். கட்டு ஒன்று முதலிலேயே அவிழ்கின்றது. நான்கு கட்டு, பன்னிரண்டு உதிரி. அதனை அந்நொடியே கொப்பியில் 5ஐ வெட்டி 4 என்றும், ஒன்றினிடத்தில் 12 என்றும் எழுதச் செய்கின்றார். கையின் செயலுக்கும் கோட்டின் குறிக்கும் முடிச்சு விழுவது அப்போதுதான்.

அதன்பின் உதவி குறைதல் வேண்டும். அடுத்த கணக்கு 61இலிருந்து 38. கட்டுகள் மேசையில் இருக்கின்றன, தொடுதல் இல்லை. பிள்ளை 23 என்கின்றது. அடுத்தது 70இலிருந்து 46. கட்டுகள் பெட்டிக்குட் போய்விட்டன. உதிரியே இல்லாத இடத்தில் பிள்ளை தயங்கிக் கொப்பியின் ஓரத்தில் ஏழு கோடு கீறி, ஒன்றை வெட்டி, 24 என்று முடிக்கின்றது. தானே கீறிய கோடு தானே அமைத்த சாரக்கட்டு. அதை ஆசிரியை தடுத்தலாகாது. 304இலிருந்து 158 என்னும் கணக்கை முதற் பிள்ளைக்குக் கொடுத்தால், பத்தினிடத்தில் ஒன்றுமில்லையே என்று நிற்கும். “பத்து எங்கே கிடைக்கும்?” என்ற ஒரே வினாவில் நூறு ஒன்றை அவிழ்த்துப் பத்துப் பத்தாக்கி, அவற்றுள் ஒன்றை மீண்டும் அவிழ்த்து, 146 பெறும். இரண்டாம் பிள்ளைக்கு இன்று அக்கணக்குக் கொடுத்தாற் செய்துகாட்டுவதன்றி வழியில்லை. ஒரே 35ஐ எழுதிய இருவருடைய வலயங்களும் எவ்வளவு வேறுபட்டன என்பது இப்போது புலப்படும்.

இனிச் சாரக்கட்டுப் போலத் தோன்றி அஃதாகாத ஒன்றைக் காண்போம். “இரண்டில் ஏழு போகுமோ?” “போகாது.” “அப்போ பக்கத்து வீட்டில் என்ன வாங்குவோம்?” “கடன்.” “இரண்டு இப்போ எத்தனை?” “பன்னிரண்டு.” “பன்னிரண்டில் ஏழு போனால்?” “ஐந்து.” மறுமொழி எல்லாம் சரி, வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொல்லும், பார்க்க வந்தவரும் மகிழ்ந்து செல்வர். ஆயினும் பிள்ளை தானாகச் செய்த கணிதம் பன்னிரண்டில் ஏழைக் கழித்தல் மட்டுமே. அது முன்னரே அறிந்தது. அவிழ்க்க வேண்டும் என்ற முடிவு ஆசிரியையினுடையது. மறுநாள் தனியே விட்டால் 35 திரும்பி வரும்.

பிரெஞ்சு நாட்டுக் கணிதக் கல்வியாளர் கீ புரூசோ இதற்குத் தோப்பாசு விளைவு என்று பெயரிட்டார். 1928இல் அரங்கேறிய ஒரு நாடகத்தில் தோப்பாசு என்னும் ஆசிரியர், சொல்வதெழுதுதலில் மாணவன் பன்மைக் குறியை விட்டுவிடுவதைக் கண்டு, ஒலிக்காத எழுத்தை மெல்ல மெல்ல ஒலித்துக் காட்டுகின்றார். மாணவன் எழுத்தைச் சரியாக எழுதுவான். இலக்கணம் அவனிடம் இல்லை. வினாக்கள் குறுகிக் குறுகி வர, விடை நிலைத்து, அறிவு கழன்றுவிடுகின்றது.

ஆகவே பாடத்தை நோக்குவோர் ஆசிரியரின் உதவியை மட்டும் எழுதினாற் போதாது. உதவி, அதற்குப் பிள்ளை செய்தது, அதன்பின் ஆசிரியர் செய்தது என்னும் மூன்றையும் ஒருங்கே பதியவேண்டும். பிள்ளை தவறியபின் உதவி கூடிற்றா, வென்றபின் குறைந்ததா என்பது அப்போதுதான் தெரியும். சாரக்கட்டுப் பற்றிய பத்தாண்டு ஆய்வுகளை 2010இல் தொகுத்து நோக்கிய வான் டெ பொல் முதலியோர், மறுமொழிக்கு ஏற்ப அமைதல், படிப்படியாகக் குறைதல், பொறுப்புப் பிள்ளையிடம் மாறுதல் என மூன்று இயல்புகளை வரையறுத்தனர். மேற்கண்ட இரு பாடங்களிலும் “அவிழ்க்க வேண்டும்” என்று முதலிற் சொன்னவர் யார் என்று பார்த்தாலே மூன்றாவது விளங்கிவிடும்.

இக்கருத்துக்கு எல்லைகளும் உள. மரக்கட்டைக் கூம்பின் ஆய்வில் ஒரு பிள்ளைக்கு ஓர் ஆசிரியை. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் அவ்வாறு ஒவ்வொருவரிடமும் நிற்க முடியாது. வைகொட்ஸ்கி துணைவராக ஆற்றல்மிக்க சகபாடியையும் சேர்த்தே சொன்னார். ஆகவே இருவரிருவராக இருத்தலாம். ஆனால் சகபாடி விரைவில் விடையைச் சொல்லிவிடுவான். திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை எண்சுவடியை ஒப்புவிக்கக் கேட்டான். தவறினால் மீளச் சொல்வித்தான். தவற்றின் காரணத்தை ஆராய்வது அவன் கடனன்று. சகபாடிக்குச் “சொல்லாதே, கேள்” என்று பழக்குதலே தனியொரு பாடமாகும்.

உவமையிலும் ஒரு குறை உண்டு. கொத்தனார் சாரங்கட்டும்போது கட்டடத்தின் வடிவம் வரைபடத்தில் இருக்கின்றது. கட்டடம் தன் வடிவைத் தான் மாற்றாது. பிள்ளையோ பத்தை முதலில் எடுத்ததுபோல ஆசிரியை எண்ணாத வழியில் வருகின்றது. அவ்வழியைத் தவறென்று விலக்கி, எழுத்துமுறையின் ஒழுங்கையே முதலிலிருந்து திணித்திருந்தால், கட்டை அவிழ்க்கலாமோ என்ற வினா பிறந்தேயிராது.