கடலை மூட்டையில் எத்தனை உயிர்?

திருமுருகன்பூண்டியிலிருந்து அவிநாசியைத் தாண்டி சேவூர்ப் பக்கம் போனால் மானாவாரி நிலக்கடலைக் காடுகள் தொடங்கிவிடும். சேவூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் அந்தக் கடலை ஏலத்துக்கு வருகிறது. ஏலத்துக்குப் போகாமல் ஆடிப்பட்டத்துக்காக வீட்டில் ஒதுக்கிய மூட்டையில்தான் சிக்கல். வெளியே பார்த்தால் காய் நன்றாகவே இருக்கும். உள்ளே எவ்வளவு பருப்பு உயிரோடு இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் 1879-ல் குப்பியில் போட்டுப் புதைத்த களைவிதைகளில் சில, 2021-ல் தோண்டி எடுத்தபோதும் முளைத்தன. கடலைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பருப்பில் ஏறக்குறைய பாதி எண்ணெய். அது காற்றுபட்டுக் கெடும்போது முளைக்கருவின் செல் சவ்வுகளும் சிதைகின்றன. ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் விதையின் ஆயுள் இரட்டிப்பாகும், வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் அப்படியே என்பது விதை ஆய்வாளர் ஹாரிங்டன் தந்த தோராயக் கணக்கு. தகரக் கூரைக்கு அடியில், சித்திரை வெயிலில் இந்தக் கணக்கு தலைகீழாக ஓடும். ஆடியில் விதைத்து ஐப்பசி, கார்த்திகையில் எடுத்த காய் இந்தக் கோடையைக் கடந்தே அடுத்த ஆடிக்கு வர வேண்டும். மார்கழிப் பட்டத்தில் விதைத்து சித்திரையில் பிடுங்கிய காய்க்குக் காத்திருப்பு மூன்று மாதம்தான். விதைக்கு இதையே விரும்புவதன் காரணம் அதுதான்.

முளைப்புத்திறன் மாதாமாதம் ஒரே சீராகக் குறைவதில்லை. முதலில் நெடுநாள் அசையாமல் நிற்கும்; பிறகு சரசரவென இறங்கும். ஆகவே சேமிக்கும் நாளில் 90 வந்தது என்பதை நம்பி ஆடியில் விதைப்பது அபாயம். சேமிக்கும்போது ஒருமுறை, விதைப்புக்கு மூன்று வாரம் முன்பு இன்னொருமுறை சோதிக்க வேண்டும்.

சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி என மூன்று இடத்தில் காயை எடுத்துக் கலக்க வேண்டும். சுவரோரம் இருந்த மூட்டையை விட்டுவிடக் கூடாது, ஈரம் அங்கேதான் ஏறும். உரித்ததும், விதைக்கும்போது எப்படியும் கழித்துவிடும் உடைந்த, சுருங்கிய பருப்பை நீக்கிவிட்டு, மிச்சத்தில் பொறுக்காமல் 100 எண்ண வேண்டும். ஈரச்சாக்கில் வரிசையாக அடுக்கிச் சுருட்டி, நீர் சொட்டாத ஈரத்தில் நிழலில் வைக்கலாம். ஐந்தாம் நாள் ஒருமுறை, பத்தாம் நாள் ஒருமுறை எண்ண வேண்டும். வேரும் குருத்தும் நேராக வந்தவை மட்டுமே கணக்கில் சேரும். வேர் இல்லாமல் தடித்து நிற்பவை, நுனி அழுகியவை, பூசணம் பிடித்தவை எல்லாம் கழிவு. ஈரச்சாக்கில் முளைத்ததாலேயே இவற்றையும் சேர்த்து எண்ணுவதுதான் வழக்கமான பிழை.

இருபது விதை போட்டுப் பார்த்து முடிவெடுப்பவர்கள் உண்டு. 20-க்கு 15 முளைத்தால் 75 சதவீதம்தான். ஆனால் குவியலின் உண்மை நிலை 56-லிருந்து 94 வரை எங்கும் இருக்கலாம். 100 விதை போட்டால் அந்த இடைவெளி 66 - 84 ஆகும்; 400 போட்டால் 71 - 79. ஆய்வகங்கள் 400 விதையைச் சோதிப்பது இதனால்தான். பல்லடத்தில் உள்ள அரசு விதைப் பரிசோதனை நிலையத்திலும் மாதிரி கொடுத்துப் பார்க்கலாம்.

இனி எவ்வளவு வைப்பது? 30-க்கு 10 செ.மீ. இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 1,35,000 செடி நிற்கும். சோதனையில் 75 சதவீதம் வந்தால் 1,80,000 பருப்பு தேவை. நூறு பருப்பின் எடை 35 கிராம் என்றால் அது 63 கிலோ. 100 கிலோ காயில் 70 கிலோ பருப்பு கிடைத்து, உடைந்தது, சுருங்கியது எனப் பத்தில் ஒரு பங்கு கழியும் என்று வைத்தால், ஏக்கருக்கு 100 கிலோ காய் ஒதுக்க வேண்டும். முளைப்பு 90 ஆக இருந்தால் 52.5 கிலோ பருப்பு, சுமார் 83 கிலோ காய் போதும். இவை ஈரச்சாக்குக் கணக்கு. காட்டில் மண் இறுகியோ பூசணம் தாக்கியோ இன்னும் சில விழும். போக்கிடம் நிரப்பக் கொஞ்சம் காய் தனியே இருப்பது நல்லது.

அறுபது வந்தால் விதையைக் கூட்டிப் போட்டுச் சரிக்கட்டலாமே என்று தோன்றும். கணக்குப்படி 79 கிலோ பருப்பு போதும்தான். ஆனால் அந்தக் குவியலில் உயிரோடு இருப்பவையும் தளர்ந்தவை. மெதுவாக, முன்பின்னாக முளைத்து, முதல் வெயிலிலேயே சோர்ந்துவிடும். சான்று விதைக்கு அரசு வைத்திருக்கும் குறைந்தபட்சம் 70 சதவீதம். அதற்குக் கீழே போன மூட்டையைச் செக்குக்கோ ஏலத்துக்கோ அனுப்பிவிட்டு வேறு விதை தேடுவதே லாபம், மருந்து கலக்காத காயாக இருந்தால்.

தேடி வாங்கும் சான்று விதைப் பையிலும் அட்டையைப் பார்க்க வேண்டும். சோதித்த நாளிலிருந்து ஒன்பது மாதம்தான் அதற்குக் கெடு. மறுபடி சோதித்துத் தேறினால் ஆறு மாதம் நீட்டிப்பார்கள். அட்டையில் உள்ள எண்ணும் சோதித்த அன்றைய எண்தான் என்பதால், வாங்கி வந்த பையிலிருந்தும் 100 பருப்பை ஈரச்சாக்கில் சுருட்டிப் பார்க்கலாம். மூன்று வாரம் முன்பே தொடங்கினால் பத்து நாள் சோதனைக்குப் போக, மாற்று விதை தேடவும் பத்து நாளாவது மிஞ்சும்.