சும்மா கிடக்கும் திரையில் யாருடைய படம்?

கற்பிட்டியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அஸர் தொழுகை முடிந்து விருந்தாளிகள் முன்னறையில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். செய்தி பார்த்து முடிந்த டிவியை யாரும் அணைக்கவில்லை. தேநீர் வருவதற்குள் திரையில் படங்கள் ஓடத் தொடங்குகின்றன. முதலில் ஆலங்குடாக் கடற்கரை, அடுத்துப் பேரப்பிள்ளையின் பிறந்தநாள், அதற்கடுத்து வீட்டுக்குள் முக்காடில்லாமல் சிரித்துக்கொண்டிருக்கும் மகள். உம்மா ரிமோட்டைத் தேடி எடுப்பதற்குள் பார்க்கக் கூடாதவர்கள் பார்த்துவிட்டார்கள்.

இங்கே கணக்குக்குள் யாரும் திருட்டுத்தனமாக நுழையவில்லை. டிவியை வாங்கிய அன்று, படங்களைக் காட்டலாமா என்று திரையில் கேட்ட கேள்விக்கு யாரோ ஒருவர் சம்மதம் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது.

பயன்படுத்தாத நேரத்தில் டிவியை ஒரு படச்சட்டம் போலாக்கும் இந்த வசதிக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. சாம்சங் 2017இல் The Frame என்ற டிவியை வெளியிட்டபோது அதை Art Mode என்றது. கூகுள் டிவியில் அது Ambient mode. பழைய அண்ட்ரொய்ட் டிவிகள் சிலவற்றில் Screen saver என்ற பெயரில் இருக்கும். பெயர் எதுவானாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: படம் எங்கே இருக்கிறது? The Frame டிவிக்கு நீங்கள் போனிலிருந்து அனுப்பும் படம் டிவியின் நினைவகத்திலேயே தங்கிவிடும். நீங்கள் அனுப்பாத படம் அங்கே வராது. கூகுள் டிவி அப்படியல்ல. அது இணையத்தில் உள்ள கூகுள் போட்டோஸ் கணக்கிலிருந்து படத்தை இழுத்துக் காட்டுகிறது. அந்தக் கணக்கில் இன்று எது சேர்கிறதோ, அது நாளை திரைக்கு வரலாம்.

மகளின் படம் வந்த வழியும் இதுதான். எங்கள் ஊர்ப்பக்கம் புதுப் போன் வாங்கினால் கடையிலேயே கூகுள் கணக்கையும் போட்டுத் தந்துவிடுவார்கள். வாப்பாவின் கணக்கையே உம்மாவின் போனிலும் போட்டிருப்பார்கள், டிவியிலும் போட்டிருப்பார்கள். படங்களைத் தானாகச் சேமிக்கும் வசதி உம்மாவின் போனில் இயங்கினால், அவர் அடுப்படியில் எடுக்கும் படமும் அதே கணக்கில்தான் போய்ச் சேரும். டிவிக்கு Recent highlights போன்ற ஒரு தெரிவைக் கொடுத்திருந்தால், எந்தப் படத்தைக் காட்டுவது என்பதைக் கூகுளே தீர்மானிக்கும். முகத்தை அடையாளங்கண்டு, குறிப்பிட்ட ஒருவரின் புதிய படங்களைத் தானாகவே சேர்த்துக்கொள்ளும் அல்பங்களும் உண்டு. அத்தகைய அல்பத்தை ஒரு தடவை பார்த்து, பிரச்சினையான படம் எதுவும் இல்லை என்று திருப்தியடைந்தால் போதாது. அடுத்த வாரம் அது வேறு அல்பமாகியிருக்கும்.

இதைச் சரிசெய்யப் பத்து நிமிடம் போதும். போனில் Google Home செயலியைத் திறந்து, உங்கள் டிவியைத் தொட்டு, அதன் அமைப்புகளுக்குள் Ambient mode என்பதற்குப் போங்கள். அங்கே Google Photos என்பதைத் தொட்டால், எந்தெந்த அல்பங்கள் தெரிவாகியிருக்கின்றன என்று தெரியும். எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, ‘முன்னறை’ என்று புதிதாக ஓர் அல்பத்தை உருவாக்கி, நீங்களே பொறுக்கியெடுத்த இருபது முப்பது படங்களை மட்டும் அதில் போட்டு, அதை மட்டும் தெரிவுசெய்யுங்கள். சொந்தப் படமே வேண்டாமென்றால் கூகுள் தரும் கலைப்படங்களைத் தெரிவுசெய்யலாம். பிறகு டிவியைச் சும்மா விட்டு, என்ன ஓடுகிறது என்று சிறிது நேரம் உட்கார்ந்து பாருங்கள். தெரிவு சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்பதை அறிய அதைவிட நல்ல சோதனை இல்லை.

நாம் சரியாகச் செய்தாலும் மறுபக்கம் பிழைக்கக்கூடும். 2019 மார்ச்சில் இந்தியாவில் அது நடந்தது. வூ நிறுவனத்தின் அண்ட்ரொய்ட் டிவி வைத்திருந்த ஒருவர், இதே Ambient mode அமைப்பைத் தன் போனில் திறந்தார். தன் கணக்கு மட்டும் இருக்க வேண்டிய இடத்தில், முன்பின் அறியாதவர்களின் கணக்குகள் பெயரும் முகப்படமுமாக நீண்ட பட்டியலாக வந்தன. அதை அவர் ட்விட்டரில் வெளியிட்டார். ஆராய்ந்து முடிக்கும்வரை அண்ட்ரொய்ட் டிவிகளில் கூகுள் போட்டோஸ் படங்களைக் காட்டும் வசதியையே கூகுள் நிறுத்தி வைத்தது. அவர் அந்தப் பட்டியலைப் பார்த்ததும் மூடிவிட்டுப் போகாமல், திரையைப் பதிவுசெய்து வெளியே சொன்னதால்தான் விஷயம் அவ்வளவு விரைவாக நகர்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கற்பிட்டிக்கு இது வீட்டோடு முடிகிற விஷயமும் அல்ல. மே மாதத்தில் காற்று எழும்பினால் ஒக்டோபர் வரை கண்டக்குளிப் பக்கம் கைட் சர்ஃபிங் ஆட்கள் வந்தபடி இருப்பார்கள். காற்று அடங்கியதும் டொல்பின் பார்க்கும் காலம் தொடங்கும். அவர்கள் தங்கும் விடுதிகளில் அறைக்கு அறை ஸ்மார்ட் டிவி. தங்குபவர் தன் போனிலிருந்து ஒரு படத்தைத் திரைக்கு காஸ்ட் செய்தால், போனைத் துண்டித்ததும் அது போய்விடும். ஆனால் டிவியிலேயே தன் கணக்கைப் போட்டு உள்நுழைந்தவர், அறைச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாலும் கணக்கு டிவியில் இருக்கும். அடுத்த குடும்பம் அந்த டிவியைச் சும்மா விடும்போது, முந்தியவரின் படங்கள் ஓடலாம்.

விடுதி நடத்துபவர் கட்டில் விரிப்பை மாற்றும்போதே இதையும் பார்க்கலாம். Settings, அதில் Accounts & sign-in, அதில் தெரியும் விருந்தினரின் கணக்கு, Remove. ஒரு நிமிட வேலை. ஊருக்குப் போன பிறகு நினைவு வந்தவர், தன் கூகுள் கணக்கின் Security பகுதியில் Your devices என்பதைத் திறந்து, அந்த டிவியைத் தெரிவுசெய்து Sign out கொடுத்தால், இருந்த இடத்திலிருந்தே வெளியேறிவிடலாம்.

சட்டம் எங்கே நிற்கிறது? இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தன் சொந்த, வீட்டுத் தேவைக்காகச் செய்வதைத் தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. மாமி வீட்டு டிவியில் உங்கள் படம் ஓடினால், மாமியிடம் பேசித்தான் தீர்க்க வேண்டும். விடுதி தொழில் நோக்கில் நடப்பது. அது இந்த வீட்டு விலக்கைக் காட்டி ஒதுங்க முடியாது. விருந்தினரின் கணக்கு திறந்து கிடக்கிறதே என்று வேண்டுமென்றே உள்ளே போய்ப் படங்களைத் துழாவினால், 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் குறுக்கே வரும். அனுமதியின்றி நுழைவதை அது குற்றமாக்குகிறது. கதவு திறந்திருந்தது என்பது அனுமதியாகாது.

படத்தை யாராவது போனில் எடுத்துப் பரப்பிவிட்டால், பதற்றத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். வந்த செய்தியையும், அனுப்பியவரின் எண்ணையும், நேரத்தையும் திரைப்பதிவாக எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு கணக்கின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். இலங்கை கணினி அவசரப் பதிலளிப்பு நிலையமான சேர்ட்டை 101 என்ற இலக்கத்தில் அழைத்து வழி கேட்கலாம். பொலிஸில் முறையிடப் போகும்போது அந்தப் பதிவுகள் கையில் இருக்க வேண்டும்.

டிவியை விற்கும்போது மேலே சொன்ன வேறுபாடு மறுபடி முக்கியமாகிறது. கூகுள் டிவியில் கணக்கை நீக்கினால் படங்களுக்கான வழி அடைபடும். The Frame டிவியில் படமே பெட்டிக்குள் இருப்பதால், கணக்கிலிருந்து வெளியேறுவது போதாது. அமைப்புகளில் Reset கொடுத்து முழுதாகத் துடைக்க வேண்டும். இரகசிய இலக்கம் கேட்டால், நீங்கள் மாற்றியிராதபட்சத்தில் அது 0000. பழுதுபார்க்கக் கொடுக்கும் டிவி திரையே எரியாத நிலையில் இருந்தால் இதைச் செய்ய வழியில்லை. அப்போது திருத்துபவரிடம், திரை உயிர்பெற்றதும் Reset கொடுத்துவிட்டுத்தான் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று கொடுக்கும்போதே சொல்லி, பற்றுச்சீட்டிலும் எழுதி வாங்குங்கள்.