‘திருத்திவிட்டோம்’ என்றால் போதாது

ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரை ‘பெரிய திருத்தம் தேவை’ என்று திரும்பி வந்தால் மாணவர்களின் முகம் வாடிவிடுகிறது. ஆனால் கதவு இன்னும் திறந்துதான் இருக்கிறது. திருத்திய கட்டுரையோடு, மதிப்பீட்டாளர்கள் எழுப்பிய ஒவ்வொரு கேள்விக்கும் வரிசையாகப் பதில் சொல்லும் கடிதமும் போகவேண்டும். கட்டுரையைவிட அந்தக் கடிதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

ஒரு முதுகலை மாணவி 6 திறந்த கிணறுகளிலும் 6 ஆழ்துளைக் கிணறுகளிலும் ஃபுளோரைடு அளவை ஒப்பிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் 5 முறை நீர் எடுத்து, மொத்தம் 60 மாதிரிகள் என்று கணக்கிட்டார். ஆழ்துளைக் கிணறுகளில்தான் அதிகம், பி மதிப்பு 0.01 என்று முடிவும் எழுதினார். இரண்டாம் மதிப்பீட்டாளர் கேட்கிறார்: “இருப்பது 12 கிணறுகள்தானே, 60 எங்கிருந்து வந்தது?”

நியாயமான கேள்வி. ஒரே கிணற்று நீரை ஐந்து தடவை அளந்தால் அது ஐந்து கிணறுகளுக்குச் சமமாகாது. சூழலியல் ஆய்வுகளில் இந்தப் பிழை மலிந்திருப்பதை ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984-லேயே சுட்டிக்காட்டி, அதற்கு ‘சூடோரெப்ளிகேஷன்’ என்று பெயரும் வைத்தார்.

“நன்றி, புள்ளியியல் பகுதியைத் திருத்திவிட்டோம்” என்ற பதில் இங்கே செல்லாது. மதிப்பீட்டாளரின் கேள்வியை ஒரு சொல்கூட மாற்றாமல் மேலே போட்டு, கீழே இப்படி எழுதலாம்: “ஏற்கிறோம். ஒவ்வொரு கிணற்றுக்கும் சராசரி எடுத்து, 12 மதிப்புகளைக் கொண்டு மறுபடி கணக்கிட்டோம். பி மதிப்பு இப்போது 0.09. ஆகவே ‘ஆழ்துளைக் கிணறுகளில் அதிகம்’ என்ற முடிவை நீக்கி, ‘அதிகமாக இருக்கக்கூடும், உறுதிசெய்யக் கூடுதல் கிணறுகள் தேவை’ என்று மாற்றியுள்ளோம். பக்கம் 7, வரி 142 முதல் 149 வரை.” மாற்றிய வாக்கியங்களையும் அப்படியே கடிதத்தில் ஒட்டிவிட வேண்டும், மதிப்பீட்டாளரைத் தேட விடக்கூடாது.

முடிவு பலவீனமாகிவிட்டதே என்று மறைக்கப் பார்ப்பதுதான் ஆபத்து. அட்டவணை மாறி, சுருக்கத்தில் பழைய முடிவே நின்றால், அடுத்த சுற்றில் மாட்டிக்கொள்வது நிச்சயம்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டவும் வேண்டாம். அதே மதிப்பீட்டாளர், “ஊர் மக்களின் சிறுநீரிலும் ஃபுளோரைடு அளந்திருக்கலாமே” என்கிறார். அது மனிதர்களிடம் மாதிரி எடுக்கும் வேறு ஆய்வு; நெறிமுறைக் குழுவின் அனுமதி தேவை. “இந்த ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. இதை ஆய்வின் வரம்பாக 11-ஆம் பக்கத்தில் சேர்த்துள்ளோம்” என்று காரணத்தோடு மறுக்கலாம். இரண்டு மதிப்பீட்டாளர்கள் எதிரும் புதிருமாகக் கேட்டால், எதை ஏற்றோம், ஏன் என்பதை ஆசிரியருக்கே எழுதிவிடுவது நல்லது.

திருத்தக் குறிகள் உள்ள படியிலும் சுத்தமான படியிலும் வரி எண்கள் ஒன்றாக இருக்காது. கடிதத்தில் எந்தப் படியின் எண் என்று சொல்லிவிடுங்கள். அனுப்புமுன் ஒவ்வொரு எண்ணையும் அந்தக் கோப்பைத் திறந்து சரிபாருங்கள்.