நாற்பது நாள் டியூஷன்... ரிட்டயர்டு டீச்சருக்கு ஏற்ற பகுதிநேர வருமானம்!

மே மாதம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும், கணக்கில் மட்டும் கோட்டைவிட்ட பிள்ளைகள் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். துணைத்தேர்வு ஜூன் கடைசியிலோ ஜூலை தொடக்கத்திலோ வந்துவிடும். கையில் இருப்பது சுமார் நாற்பது நாள்தான். ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியருக்குப் பொருத்தமான வேலை இது. வீட்டு ஹால், ஒரு கரும்பலகை, காலையில் இரண்டு மணி நேரம் போதும்.

ஆறு பேருக்கு மேல் சேர்க்க வேண்டாம். ஒவ்வொருவரும் எந்த வரியில் தடுமாறுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுதான் இங்கே மூலதனம்.

முதல் நாளே பாடத்தைத் தொடங்கக் கூடாது. -7 + 3 எவ்வளவு, 1/2 + 1/3 எவ்வளவு, 8-ம் வாய்ப்பாடு, கிராஃபில் (-2, 3) புள்ளி எங்கே என்று நான்கே கேள்விகள் கேட்டால், பிள்ளை எங்கே நிற்கிறது என்பது தெரிந்துவிடும். மைனஸ் குறியில் தவறுகிற பிள்ளைக்குக் கிராஃபின் அட்டவணையே தப்பாக வரும். அதனால் முதல் வாரம் முழுக்க அதற்குத்தான்.

அடுத்து மதிப்பெண் திட்டம். பாஸாக நூற்றுக்கு 35 வேண்டும். வடிவியல் வரைதலும் கிராஃபும் தலா 8, ஆக 16. இரண்டிலுமே 'இது அல்லது அது' என்று சாய்ஸ் உண்டு. ஒரு மதிப்பெண் கேள்விகள் 14. புத்தகத்தின் பாட இறுதி வினாக்களைப் பயிற்சி செய்தால் அதில் எட்டாவது எடுக்கலாம். இப்போது 24 ஆகிவிட்டது. மூன்று இரண்டு மதிப்பெண் கணக்கும், ஒரு ஐந்து மதிப்பெண் கணக்கும் சேர்ந்தால் சரியாக 35. ஆனால், ஒரு சறுக்கல் வந்தாலும் தாங்க வேண்டுமே... அதனால் 45-க்குக் குறிவையுங்கள்.

இருபதாம் நாள் பழைய வினாத்தாள் ஒன்றைக் கொடுங்கள். யாரிடமும் கேட்காமல் அரை மணிக்குள் கிராஃபை முடித்தால் பிள்ளை தேறிவிடும். அளவுத்திட்டம் எழுதவே தயங்கினால், புது பாடத்தை நிறுத்திவிட்டு அதையே திரும்பச் செய்ய வையுங்கள்.

ஒரு பிள்ளைக்கு 1,500 ரூபாய் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். ஆறு பேருக்கு 9,000. ஜெராக்ஸ், கிராஃப் தாளுக்கு ஆயிரம் போக எட்டாயிரம் நிற்கும். பெரிய தொகை இல்லைதான். ஆனால், நான்கு பேர் பாஸானால் அடுத்த வருஷம் விளம்பரமே தேவைப்படாது.

இரண்டு விஷயத்தில் கவனம் தேவை. ரிசல்ட் வந்த சில நாளிலேயே துணைத்தேர்வு விண்ணப்பத் தேதி முடிந்துவிடும். பதிவு செய்தாயிற்றா என்று சேரும்போதே கேளுங்கள். கூட்டல், கழித்தலே வராத பிள்ளை என்றால், நாற்பது நாள் போதாது என்று பெற்றோரிடம் பணம் வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.