பில் போடும் சர்வரிடம் ரிப்போர்ட் கேட்டால்

நாற்பது கிளைகள் உள்ள ஒரு சூப்பர்மார்க்கெட் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமை மாலை, எல்லாக் கவுன்டர்களிலும் கூட்டம். அந்த நேரம் பார்த்து, தலைமை அலுவலகத்தில் மேலாளர் ஒருவர் ரிப்போர்ட் ஒன்றைக் கேட்கிறார்: மூன்று ஆண்டுகளில் எந்தக் கிளையில் எந்த வகைப் பொருள் எவ்வளவு விற்றது? சற்று நேரத்தில் கிளைகளிலிருந்து போன் வருகிறது, "சிஸ்டம் ஸ்லோவா இருக்கு சார்."

பால் பாக்கெட் ஒன்றுக்கு பில் போடும்போது தரவுத்தளம் செய்வது சின்ன வேலை. விலையைத் தேடுகிறது, இருப்பில் ஒன்றைக் கழிக்கிறது, பில்லில் ஒரு வரி சேர்க்கிறது. மூன்றும் சேர்ந்து நடக்க வேண்டும், இல்லையேல் எதுவும் நடக்கக்கூடாது. இதுதான் பரிவர்த்தனை. இதற்கென்றே அமைந்த போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளங்கள் ஒரு பதிவின் எல்லா விவரங்களையும் அருகருகே, 8 கேபி அளவுள்ள பக்கங்களில் வைக்கின்றன. இன்டெக்ஸைப் பிடித்துப் போனால் சில பக்கங்களிலேயே வேண்டிய பதிவு கிடைத்துவிடும்.

ரிப்போர்ட்டுக்கு அந்தக் குறுக்குவழி உதவாது. பில் வரிகள் 10 கோடி, ஒவ்வொன்றும் 160 பைட் என்றால் மொத்தம் 16 ஜிபி, அதாவது சுமார் 20 லட்சம் பக்கங்கள். கணக்குக்குத் தேவை கிளை, வகை, தேதி, தொகை ஆகிய நான்கு விவரங்கள்தான். ஆனால் பதிவின் மற்ற விவரங்களும் அதே பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதால் எல்லாவற்றையும் படித்தே ஆக வேண்டும். நொடிக்கு 200 எம்பி படிக்கும் வட்டுக்கு இது 80 நொடி வேலை. வகை பிரித்துக் கூட்டுவதற்கு ஆகும் நேரம் தனி. அதுவரை பில்களும் அதே வட்டுக்கும் பிராசஸருக்கும் காத்துக்கிடக்கின்றன.

இந்த நெரிசல் கண்ணுக்குத் தெரிகிறது, ரிப்போர்ட் முடிந்ததும் தீர்ந்தும் விடுகிறது. எனக்கு இதைவிட மோசமாகப் படுவது வெளியே தெரியாத இன்னொன்று. ரிப்போர்ட் ஓடும்போதே பில்லும் விழுந்துகொண்டிருந்தால் கூட்டுத்தொகை தவறாதா? தவறாது. போஸ்ட்கிரெஸ் ஒரு பதிவை மாற்றும்போது பழையதை அழிக்காமல் புதிய பிரதி ஒன்றை எழுதுகிறது. ஆறு மணிக்குத் தொடங்கிய ரிப்போர்ட் ஆறு மணி நிலவரத்தையே கடைசிவரை பார்க்கும். யாருக்கும் தேவைப்படாத பழைய பிரதிகளை வேக்யூம் என்ற துப்புரவு வேலை பிறகு அகற்றும்.

சிக்கல் அந்தத் 'தேவைப்படாத' என்பதில் இருக்கிறது. ரிப்போர்ட் ஒரு மணி நேரம் ஓடினால், அதற்குள் உருவான பழைய பிரதிகளை வேக்யூம் தொட முடியாது. பால் பாக்கெட்டின் இருப்பு ஒவ்வொரு விற்பனைக்கும் மாறுகிறது. ஆயிரம் பாக்கெட் விற்றால் ஆயிரம் பழைய பிரதிகள். அடுத்த பில் இவற்றைத் தாண்டித்தான் உயிருள்ள பிரதியைக் கண்டுபிடிக்க வேண்டும். நேரம் ஆக ஆக, வேகமாக விற்கும் பொருள்கள்தான் அதிகம் தாமதமாகும். சந்தேகம் வந்தால் இதை ஓட்டிப் பார்க்கலாம்:

```
SELECT pid, state, now() - xact_start AS age, query
FROM pg_stat_activity
WHERE xact_start IS NOT NULL
ORDER BY age DESC;
```

முதல் வரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வயதான ரிப்போர்ட் நின்றால் குற்றவாளி அகப்பட்டான். state பகுதியில் `idle in transaction` என்று இருந்தால், யாரோ திரையில் ரிப்போர்ட்டைப் பாதி திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கவும் கூடும்.

பலரும் முதலில் செய்வது, சர்வருக்கு ஒரு நகல் வைத்து ரிப்போர்ட்டை அங்கே அனுப்புவது. வட்டு நெரிசல் குறையும். ஆனால் மூல சர்வர் துப்புரவு செய்த பிரதியை நகலில் ஓடும் ரிப்போர்ட் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தால், நகல் பின்தங்கும், அல்லது ரிப்போர்ட்டைப் பாதியில் வெட்டிவிடும். வெட்டாமலிருக்க `hot_standby_feedback` என்ற அமைப்பை இயக்கினால், பழைய பிரதிகள் மறுபடி மூல சர்வரிலேயே குவியும்.

கிளிக்ஹவுஸ் போன்ற பகுப்பாய்வுத் தரவுத்தளங்கள் சேமிப்பையே திருப்பிப் போடுகின்றன. தொகைகள் எல்லாம் ஓரிடம், தேதிகள் எல்லாம் ஓரிடம். நம் ரிப்போர்ட்டுக்கு நான்கு பத்திகள் போதும். பதிவுக்கு 20 பைட் வைத்தாலும் 16 ஜிபி இடத்தில் 2 ஜிபிதான். ஒரே கிளை எண் லட்சக்கணக்கில் அடுத்தடுத்து வருமாறு அடுக்கினால், அதைச் சுருக்கி எழுதவும் முடியும். எனவே உண்மையில் படிப்பது இன்னும் குறைவு.

அப்படியானால் பில்லையும் அங்கேயே போடலாமே என்றால், கூடாது. ஒரு பில் வரியைச் சேர்க்க ஒவ்வொரு பத்தியையும் தனித்தனியாகத் தொட வேண்டும். ஒரே ஒரு இருப்பைத் திருத்துவது அதற்குப் பெரும்பாடு. அதனால் பில்களை ஆயிரக்கணக்கில் திரட்டி, கால் மணிக்கு ஒருமுறையோ இரவிலோ மொத்தமாக ஏற்றுகிறார்கள். மூன்றாண்டு விற்பனையைப் பார்ப்பவருக்குக் கடைசிக் கால் மணி நேரம் இல்லாதது ஒரு குறையே அல்ல. 'இந்தக் கிளையில் இப்போது எத்தனை பால் பாக்கெட் இருக்கிறது' என்ற கேள்வியை மட்டும் பில் சர்வரிடமே கேட்கலாம். அது ஒரே ஒரு பதிவு. மற்றபடி, அந்த சர்வரில் ரிப்போர்ட் பயனருக்கு `statement_timeout` முப்பது நொடி என்று வைத்துவிட்டால், சனிக்கிழமை மாலையில் யார் பொத்தானை அழுத்தினாலும் அந்த ரிப்போர்ட் அதோடு நின்றுவிடும்.