அருகில் ஒரு நாற்காலி

சனிக்கிழமை காலை பத்து மணி. ஜோர்ஜ்டவுனில் உள்ள ஒரு முதியோர் இல்லத்திற்கு நான்காம் படிவ மாணவர்கள் பன்னிரண்டு பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கைகளில் பிஸ்கட் பொட்டலங்களும் பழங்களும் இருக்கின்றன. கூடத்தின் ஓரத்தில் சக்கர நாற்காலியில் ஒரு முதியவர் அமர்ந்திருக்கிறார். ஐந்து மாணவர்கள் அவரைச் சூழ்ந்து நிற்கிறார்கள். "வணக்கம் தாத்தா, நல்லா இருக்கீங்களா?" என்று ஒருவன் உரக்கக் கேட்கிறான். முதியவர் தலையசைக்கிறார். "சாப்பிட்டீங்களா?" மீண்டும் தலையசைப்பு. "எந்த ஊர்லே வேலை செஞ்சீங்க தாத்தா?" இதற்கும் அவர், "ஆமா, ஆமா" என்கிறார்.

அந்த மூன்றாவது பதில்தான் கவனிக்க வேண்டியது. 'ஆமா' என்று சொல்ல முடியாத கேள்விக்கு அவர் 'ஆமா' என்று சொல்லியிருக்கிறார். அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. விளங்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்வது சங்கடமாக இருப்பதால், வந்த பிள்ளைகள் மனம் கோணாதிருக்கத் தலையசைத்து அனுப்பிவிடுகிறார். மாணவர்கள் அடுத்த கட்டிலுக்குப் போகிறார்கள். பத்து நிமிடம் கழித்து அவரிடம் யார் வந்தார்கள் என்று கேட்டால், யாரோ பள்ளிப்பிள்ளைகள் வந்தார்கள் என்பதற்கு மேல் அவரால் எதுவும் சொல்ல முடியாது.

இங்கே யாரும் மரியாதைக் குறைவாக நடந்துகொள்ளவில்லை. பிழை வேறிடத்தில் இருக்கிறது. அதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் கண்கள் தரையிலிருந்து ஏறத்தாழ 115 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். நிற்கும் பதினாறு வயது மாணவனின் கண்கள் 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கின்றன என்று கொள்வோம். இருவருக்கும் இடையே 60 சென்டிமீட்டர் தூரம் இருந்தால், முதியவர் ஏறத்தாழ 30 பாகை அண்ணாந்து பார்க்க வேண்டும். நமக்கு இது பெரிதாகத் தோன்றாது. கழுத்தெலும்புகள் தேய்ந்தவருக்கோ இது வலி தரும். முதுகு கூன் விழுந்தவருக்கு இன்னும் கடினம். அவருடைய தலை ஏற்கெனவே முன்னோக்கிச் சாய்ந்திருப்பதால், நேராகப் பார்ப்பதற்கே கழுத்தைப் பின்னால் வளைக்க வேண்டியிருக்கும். சிலருக்குத் தலையைப் பின்னால் சாய்த்தால் கிறுகிறுப்பும் வரும். ஆகவே அவர் சற்று நேரம் முகத்தைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் தாழ்த்திக்கொள்கிறார். அப்போது அவர் கண்ணெதிரே இருப்பது மாணவனின் இடுப்பு வாரும் கையிலுள்ள பிஸ்கட் பொட்டலமும்தான்.

அப்படியானால் இரண்டடி பின்னால் தள்ளி நின்றால் போதாதா என்று கேட்கத் தோன்றும். தூரம் 120 சென்டிமீட்டராக ஆனால் கழுத்துச் சாய்வு பாதியாகக் குறையும் என்பது உண்மை. ஆனால், தள்ளிப் போகப் போகக் குரலின் வலிமையும் குறைகிறது. முதுமையில் செவித்திறன் குறையும்போது கூர்மையான ஒலிகளே பெரும்பாலும் முதலில் தேய்கின்றன. 'ச', 'த', 'ப' போன்ற ஒலிகள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். குரல் கேட்கும், சொல் பிரியாது. அதனால்தான் கத்திப் பேசுவதாலும் பெரிய பயன் இல்லை. மங்கிய சொல் மங்கியபடியே பெரிதாகக் கேட்கும், அவ்வளவுதான். கூடத்தில் காற்றாடி சுழலும்போதும் தொலைக்காட்சி ஓடும்போதும் நிலைமை மேலும் மோசமாகும்.

இந்தக் குறையை முதியவர்கள் தாமறியாமலே வேறு வழியில் ஈடுசெய்கிறார்கள். அவர்கள் பேசுபவரின் உதட்டசைவைப் பார்க்கிறார்கள். நின்று பேசுபவரின் உதடுகளோ கூரை விளக்கிற்குக் கீழே, நிழலில் இருக்கின்றன. கண்புரை உள்ளவர் மேல்நோக்கிப் பார்க்கும்போது விளக்கொளி கண்களைக் கூசச் செய்யும். முகம் கறுப்பாகத் தெரியும். மொத்தத்தில், நின்றுகொண்டே கேட்கும் ஒரு கேள்வி கழுத்து, காது, கண் ஆகிய மூன்றுக்கும் ஒரே வேளையில் சுமையாகிறது.

இப்போது அதே மாணவன் ஒரு நெகிழி நாற்காலியைக் கொண்டுவருகிறான். அதை முதியவருக்கு நேரெதிராகப் போடாமல், சற்றுப் பக்கவாட்டில், முழங்கால்கள் இடிபடாதபடி போடுகிறான். எந்தப் பக்கம் போடுவது என்பதைத் தாதியிடம் முன்பே கேட்டுவைத்திருக்கிறான். முதியவருக்கு இடது காது நன்றாகக் கேட்கும்; ஆகவே இடப்பக்கம். சன்னல் தன் முதுகுக்குப் பின்னால் இல்லாமல், வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி அமர்கிறான். இப்போது கண்கள் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கின்றன. மீதமுள்ள நால்வர் வேறிடம் போகிறார்கள். ஐவர் சூழ்ந்து நின்றால் யார் பேசுகிறார்கள் என்பதே தெரியாது என்பதால், ஒருவருக்கு ஒருவரோ இருவரோ இருப்பதே நல்லது.

உட்காருவதற்குமுன் அவன் ஒன்று கேட்டான்: "தாத்தா, நான் பக்கத்துலே உட்காரலாமா?" பலர் இந்தக் கேள்வியை விட்டுவிடுகிறார்கள். இல்லத்தில் வாழ்பவருக்குச் சொந்தமாக இருக்கும் இடம் மிகச் சிறியது: ஒரு கட்டில், ஓர் அலமாரி, ஒரு நாற்காலி. எப்போது எழுவது, எப்போது உண்பது, எப்போது குளிப்பது என்பதையெல்லாம் இல்லத்தின் நேர அட்டவணையே பெரும்பாலும் முடிவுசெய்கிறது. "உட்காரலாமா?" என்று கேட்கும்போது, "உட்காரு தம்பி" என்று சொல்லும் உரிமை அவருக்குக் கிடைக்கிறது. அந்த நொடியில் அவர் வீட்டுக்காரர், வந்தவன் விருந்தாளி. அவர், "வேண்டாம்பா, இன்னிக்கு முடியலே" என்றும் சொல்லலாம். அப்படிச் சொன்னால் வணக்கம் கூறி நகர்ந்துவிட வேண்டும். கட்டிலின் விளிம்பில் கேட்காமல் அமர்வது இதனால்தான் தவறாகிறது. அவர் அழைத்தாலும், நாற்காலி கிடைக்கும்போது கட்டிலைத் தவிர்ப்பதே தூய்மைக்கு நல்லது.

தமிழ் மாணவர்களுக்கு இங்கே ஒரு தயக்கம் எழும். பெரியவர்கள் முன் நிற்பதுதானே மரியாதை? வீட்டில் தாத்தா வந்தால் எழுந்து நிற்கும்படிதானே சொல்லிக் கொடுத்தார்கள்? அந்த வழக்கம் சரியானதே. ஆனால், அது பெரியவர் நிற்கும்போது நாம் அமர்ந்திருக்கக்கூடாது என்ற எண்ணத்திலிருந்து வந்தது. அமர்ந்திருக்கும் பெரியவரின் தலைக்கு மேலே நின்று பேசும்படி யாரும் சொல்லவில்லை. திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டியிடம் கதை கேட்ட பேரப்பிள்ளைகள் தரையில்தான் உட்கார்ந்தார்கள். எனவே முதலில் நின்று கைகூப்பி வணங்கிவிட்டு, கேட்டுக்கொண்டு அமர்வதில் இரண்டு மரியாதைகளும் நிறைவேறுகின்றன. கால்மேல் கால் போட்டுக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

பினாங்கு இல்லங்களில் வேறு மொழி பேசும் முதியவர்களும் இருப்பார்கள். அவர்களிடமும் இதே முறைதான். அழைக்கும் சொல் மட்டும் மாறும். மலாய்க்காரரைப் 'பாக்சிக்' என்றும், ஹொக்கியன் பேசும் மூதாட்டியை 'ஆ மா' என்றும் அழைக்கலாம். மொழி தெரியாத இடத்தில் முகத்தைப் பார்ப்பதுதான் பேச்சின் பெரும்பகுதி என்பதால், ஒரே மட்டத்தில் அமர்வது அங்கு இன்னும் அவசியமாகிறது.

அமர்ந்து பேசுவதற்கு நேரம் அதிகம் பிடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் கன்சாஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்த ஓர் ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. அதன் முடிவு 2012ஆம் ஆண்டில் வெளிவந்தது. முதுகெலும்பு அறுவை மருத்துவர் ஒருவர், அறுவைச் சிகிச்சை முடிந்த 120 நோயாளிகளைப் பார்வையிட்டார். சிலரிடம் நின்றபடியும் சிலரிடம் அமர்ந்தபடியும் பேசினார். அமர்ந்தபோது அவர் செலவிட்டது சராசரியாக 1 நிமிடம் 4 விநாடி. நின்றபோது 1 நிமிடம் 28 விநாடி. ஆனால், மருத்துவர் எவ்வளவு நேரம் இருந்தார் என்று நோயாளிகளைக் கேட்டபோது, அவர் அமர்ந்து பேசியவர்கள் 5 நிமிடத்திற்கு மேல் என்றார்கள். நின்று பேசியவர்கள் சொன்னது 4 நிமிடத்திற்கும் குறைவு. நிற்பவரின் கால்கள் அடுத்த இடத்திற்குப் புறப்படத் தயாராக இருப்பதுபோல் தோன்றுவதே இதற்குக் காரணமாக இருக்கலாம். இது மருத்துவமனையில் ஒரே மருத்துவரை வைத்துச் செய்த ஆய்வு. இல்லத்து முதியவர்களுக்கு எண்கள் அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது.

அப்படியிருந்தும் ஏன் பெரும்பாலோர் நின்றே பேசுகிறார்கள்? 2023ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் அமெரிக்க ஆய்வு இதற்கு எளிய விடை ஒன்றைத் தருகிறது. சில நோயாளிகளின் கட்டிலருகே, ஒரு மீட்டருக்குள், ஒரு நாற்காலி முன்கூட்டியே போடப்பட்டது. மற்ற அறைகளில் நாற்காலி வழக்கமான இடத்திலேயே விடப்பட்டது. அருகில் நாற்காலி இருந்த 60 சந்திப்புகளில் 38 முறை மருத்துவர்கள் அமர்ந்தார்கள். மற்ற 65 சந்திப்புகளில் 5 முறைதான் அமர்ந்தார்கள். மனம் இல்லாததைவிட நாற்காலி கைக்கெட்டாததே பெரிய தடையாக இருந்திருக்கிறது. ஆகவே, இல்லத்திற்கு வரும் குழு முதல் ஐந்து நிமிடத்தைப் பழப்பொட்டலங்களைப் பிரிப்பதற்குப் பதிலாக நாற்காலிகளை எடுத்துப் போடுவதற்குச் செலவிடலாம். நாற்காலி போதாவிட்டால், ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி அமரலாம். குந்துவது அவ்வளவு பயன்படாது. குந்தியவர் இரண்டு நிமிடத்தில் கால் மரத்துப்போய் எழுந்துவிடுவார்.

எல்லா வேளையிலும் அமர வேண்டும் என்பதில்லை. கைத்தாங்கியைப் பிடித்து நடந்துகொண்டிருப்பவரை நிறுத்தி உட்காரவைக்கக்கூடாது. கூடவே மெதுவாக நடந்தபடி பேச வேண்டும். நினைவாற்றல் குன்றியவரிடம் பின்னாலிருந்து போய் நாற்காலியை இழுத்துப் போட்டால் அவர் திடுக்கிடுவார். அவருடைய கண்ணில் படும்படி முன்பக்கமாக மெதுவாக வந்து, பெயர் சொல்லி வணங்கி, அவர் பார்த்த பிறகே பக்கத்தில் அமர வேண்டும். உண்டுகொண்டிருப்பவரிடம் கேள்வி கேட்பதையும் தவிர்க்க வேண்டும். விழுங்கும்போது பதில் சொல்ல முயன்றால் புரையேறிவிடும்.

நம் மாணவன் இப்போது அதே கேள்வியைத் திரும்பக் கேட்கிறான். குரலை உயர்த்தவில்லை, சற்று நிதானமாகச் சொல்கிறான். கேட்டுவிட்டுக் காத்திருக்கிறான். ஐந்து விநாடி, ஆறு விநாடி கழிகிறது. முதியவர் அவனுடைய உதடுகளைப் பார்க்கிறார். பிறகு, "எந்த ஊர்லேயா? எல்லாம் இங்கேதான். துறைமுகத்துலே மூட்டை தூக்கினேன்" என்கிறார். சற்று நிறுத்தி, "நீ எந்த ஸ்கூலு தம்பி?" என்று கேட்கிறார்.